நான் பேஷண்டுக்கே ஓவர் கொடுத்துக்கொண்டிருந்தேன்

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியை முதல் முறை எழுதியபோது லிசனிங் 360, ரீடிங் 350, ரைட்டிங் 320. மூன்றும் பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்எம்சிக்குப் போதும், ஏனென்றால் ரைட்டிங்குக்கு மட்டும் சி பிளஸ், அதாவது 300 வந்தாலே ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்பீக்கிங்கில்தான் 320 வந்து நின்றது. வேண்டியது 350, அதாவது பி. எழுத்தில் விழுந்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும், பேச்சில் விழுந்ததை ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. ஆறு வருடமாக மதுரையில் சர்ஜிக்கல் வார்டில் நாள் முழுக்கப் பேசித்தானே வேலை பார்க்கிறேன்? தேர்வுக் கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும், அந்தக் கடுப்பு வேறு.

கோச்சிங் சென்டரில் கேட்டதற்கு, "ஃப்ளூயன்சி பத்தாது, இன்னும் வேகமா பேசிப் பழகு" என்றார்கள். அதை நம்பி இரண்டு வாரம் இன்னும் வேகமாகப் பேசிப் பழகினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால் அது முழுக்கத் தவறான மருந்து, என் வியாதியே வேகம்தான்.

அதைக் கண்டுபிடித்தது ஹாஸ்டலில் என் அறையில் இருந்த சேச்சி. கோட்டயத்துக்காரர், சர்ஜிக்கல் ஐசியூவில் சீனியர், எனக்கு முன்னாலேயே தேர்வு எழுதி பி வாங்கியவர். என் ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்த ரோல் பிளே ஒன்றைக் கேட்டார். இரண்டு நிமிடம்கூட ஓடியிருக்காது, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "நீ பேஷண்ட்கிட்ட பேசலை மோளே, பேஷண்டுக்கு ஓவர் குடுக்கற" என்றார்.

வெளியாருக்காக ஒரு வரி: ஷிஃப்ட் முடிந்து அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைப்பதை எங்கள் வார்டில் ஓவர் கொடுப்பது என்போம், பிரிட்டனில் அதுதான் ஹேண்டோவர். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பெட்டைச் சொல்லி முடிக்க வேண்டும். "ஆறாம் பெட், போஸ்ட் ஆப் டே ஒன், வைட்டல்ஸ் ஸ்டேபிள், யூரின் கொஞ்சம் கம்மி, டிரெயின் ஃபிஃப்டி, ஐவி போகுது, என்பிஓ" என்று ஒரே மூச்சில் போகும். வார்த்தை எல்லாம் ஆங்கிலம், வாக்கியம் தமிழ், பாதி வாக்கியம் அதுவும் இல்லை. இந்தப் பேச்சுதான் எனக்கு ஆங்கிலம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலேயே நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஸ்பீக்கிங் தேர்வில் நர்ஸுக்கு நர்ஸ் ஓவர் கொடுக்கும் காட்சி வராது. தொடக்கத்தில் சும்மா கொஞ்சம் பேசச் சொல்வார்கள், அதற்கு மதிப்பெண் கிடையாது. பிறகு இரண்டு ரோல் பிளே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு, படிக்க மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம் சுமார். நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது நோயாளியின் சொந்தக்காரர், அவர் கையிலும் ஒரு கார்டு இருக்கும். அவர் மதிப்பெண் போடுவதில்லை, பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுகிறார்கள். உச்சரிப்பு, சரளம், இலக்கணம், ஆளுக்கேற்ற சொல் என்று மொழிக்கு நான்கு அளவுகோல், ஒவ்வொன்றும் ஆறுக்கு. அதற்கு மேல் நோயாளியோடு பழகுகிற விதத்துக்கு ஐந்து அளவுகோல், ஒவ்வொன்றும் மூன்றுக்கு. நோயாளியின் மனதில் இருப்பதைக் கேட்டு வாங்கினாயா, சொன்னது புரிந்ததா என்று பார்த்தாயா என்பதெல்லாம் இந்த இரண்டாவது பகுதியில் வருகிறது.

அப்படியென்றால் ஓவர் ரோல் பிளேயை எதற்குப் பழக வேண்டும்? நானும் சேச்சியிடம் இதைத்தான் கேட்டேன். அவர் சொன்ன வழி எனக்கு விசித்திரமாகப் பட்டது: ஒரே நோயாளி, ஒரே இரவு. முதலில் அவரைப் பற்றி சேச்சி என்ற நர்ஸுக்கு ஓவர் கொடு, இரண்டு நிமிடம். உடனே திரும்பி, சேச்சி என்ற நோயாளியிடம் அதே விஷயத்தைப் பேசு, ஐந்து நிமிடம். இரண்டையும் ரெக்கார்ட் செய்து அடுத்தடுத்துக் கேள். இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் நீ தேறவில்லை.

நாங்கள் அதிகம் ஓட்டிய கேஸை அப்படியே சொல்கிறேன். வார்டில் பார்த்த பலரையும் கலந்து நாங்களே செய்த ஆள்தான். 64 வயது, 70 கிலோ, பெருங்குடலில் கட்டி, நேற்று வலப்பக்கக் குடல் பகுதியை எடுத்திருக்கிறார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, தடிப்பு வரும். காலையில் பிபி 128/80, மாலை ஏழு மணிக்கு 98/60, நாடி 108. மூச்சு, ஆக்சிஜன், காய்ச்சல் எல்லாம் சரி, நினைவும் தெளிவு. நான்கு மணியிலிருந்து ஏழு வரை மூன்று மணி நேரத்தில் சிறுநீர் மொத்தமே 60 மில்லி. காயத்து நீரை வடிக்கும் டிரெயின் குழாயில் 50 மில்லி. ஷிஃப்ட் எட்டு மணிக்கு முடிகிறது.

முதல் நாள் நான் கொடுத்த ஓவர், மேலே எழுதிய ஆறாம் பெட் வரிதான், கொஞ்சம் நீளமாக. சேச்சி முழுதும் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டார். டிரெயின் பதினைந்தா ஐம்பதா? யூரின் கம்மி என்றால் எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில்? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு என் ஓவரில் பதிலே இல்லை. நம் ஊரில் அடுத்த நர்ஸுக்குத் தெரியும், தெரியாவிட்டால் நோயாளியோடு இருக்கும் பைஸ்டாண்டரிடம் கேட்டுக்கொள்வார், இன்சார்ஜ் சிஸ்டர் இருக்கிறார். அங்கே முகம் தெரியாத நர்ஸ் நான் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு இரவு முழுவதும் பார்க்க வேண்டும்.

பிறகு எஸ்பார் முறைக்கு மாற்றினோம். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, செய்ய வேண்டியது என்று நான்கு கட்டம். இது அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிகளில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை என்று சேச்சி சொன்னபோது சிரித்தேன், ஆனால் உண்மைதான். இந்த நான்கு எழுத்து எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும், கஷ்டம் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. நான் எப்போதும் பெயர், வயது, ஆபரேஷன் என்று பின்னணியில் இருந்துதான் தொடங்குவேன். சேச்சி அதைத் தடுத்தார். பெயரையும் பெட்டையும் சொல்லிவிட்டு, முதல் வாக்கியத்திலேயே எதற்காக உன்னை நிறுத்தி இதைச் சொல்கிறேன் என்பது வர வேண்டும்: "நான்கு மணியிலிருந்து இவருக்குச் சிறுநீர் குறைந்துகொண்டே வருகிறது, பிபியும் இறங்கியிருக்கிறது."

அடுத்து பின்னணி, இரண்டே வாக்கியம்: நேற்று என்ன ஆபரேஷன், எது ஒத்துக்கொள்ளாது. கணிப்பில்தான் நான் திணறினேன், டாக்டர் சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது என்ற பயம் நமக்கு ஊறிப்போனது. ஆனால் நான் பார்த்ததைச் சொல்லலாமே. மணிக்கு 20 மில்லி வருகிறது, இவர் எடைக்குக் கிலோவுக்கு அரை மில்லி என்று பார்த்தால் குறைந்தது 35 வர வேண்டும். கதீட்டர் குழாய் மடங்கவில்லை, அடிவயிற்றில் சிறுநீர்ப்பை புடைக்கவில்லை, எனவே அடைப்பு மாதிரித் தெரியவில்லை. டிரெயினில் வருவது வெளிர்ச்சிவப்புத் தண்ணீர், கெட்டி ரத்தம் கிடையாது. உடம்பில் நீர் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது, இங்கிலீஷ் தெரியாததால் மட்டும் கிடையாது.

இதில் ஒரு சின்ன விஷயம். பிரிட்டனில் நியூஸ்2 என்ற மதிப்பெண் முறை உண்டு. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கிறோமா, பிபி, நாடி, நினைவு, காய்ச்சல் ஆகிய ஏழையும் கூட்டுவார்கள். இவருக்குக் கூட்டினால் பிபிக்கு 2, நாடிக்கு 1, மொத்தம் 3. பெரிய ஆபத்தாகத் தெரியாது. சிறுநீர் அந்தக் கணக்கிலேயே கிடையாது. அதனால் ஓவரில் "ஸ்கோர் மூன்று" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் நிம்மதியாக அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். நாம் வாயால் சொன்னால்தான் உண்டு.

கடைசிக் கட்டம், செய்ய வேண்டியது. டூட்டி டாக்டர் ஏழு பத்துக்கு வந்து பார்த்தார், ரிங்கர் லாக்டேட் 500 மில்லி போடச் சொன்னார், அது இப்போது ஓடி முடியப்போகிறது. எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் பையில் அளந்து பார், ஒன்பதுக்கும் 35க்குக் கீழே இருந்தாலோ மேல் பிபி 90க்குக் கீழே போனாலோ மறுபடி கூப்பிடு. கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை, கிரியேட்டினின், அனுப்பியிருக்கிறேன், ரிசல்ட் வரவில்லை. அவ்வளவுதான். கேட்டவர் எண்களைத் திருப்பிச் சொல்லும்வரை ஓவர் முடியவில்லை என்பது சேச்சி போட்ட சட்டம்.

எண்களில்தான் நம் நாக்கு காட்டிக்கொடுக்கும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் நான் ஒரே அழுத்தத்தில் சொல்கிறேன் என்று ரெக்கார்டிங் கேட்டபோதுதான் தெரிந்தது. பதினைந்துக்கு அழுத்தம் பின்பாதியில் விழ வேண்டும், ஐம்பதுக்கு முன்பாதியில். அதை நம்பியும் இருக்காமல், சொன்ன கையோடு "ஃபைவ் ஸீரோ" என்று தனித்தனியாகவும் சொல்லிவிடப் பழகினேன். இன்னொன்று, காலம். "யூரின் இஸ் கமிங் லெஸ்" என்றால் எப்போதிலிருந்து என்று தெரியாது. காலையில் இருந்தது, நான்கிலிருந்து இப்போதுவரை குறைந்துகொண்டு வருகிறது, இப்போது இவ்வளவு. இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்று வினை வடிவம் வேண்டும், "வாஸ்", "ஹேஸ் பீன்", "இஸ்". கிராமர் புத்தகத்தில் ஒரு வருடம் படித்தும் ஒட்டாதது, அந்த மூன்று மணி நேரத்துச் சிறுநீரைச் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் முதல் இரண்டு நிமிடம். இப்போது சேச்சி கட்டிலில் படுத்துப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நோயாளி ஆகிவிடுவார். துண்டுக் காகிதத்தில் எனக்கு ஒரு கார்டு எழுதிக் கொடுத்திருப்பார்: நோயாளி தண்ணீர் கேட்கிறார், பதற்றமாக இருக்கிறார், என்ன கவலை என்று கண்டுபிடி, சிறுநீரை ஏன் அடிக்கடி அளக்கிறோம் என்று விளக்கு, தண்ணீர் ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று சொல், என்ன தெரிந்தால் பெல் அடிக்க வேண்டும் என்று சொல்.

என் முதல் முயற்சி நாற்பது நொடி. உங்கள் யூரின் அவுட்புட் குறைவு, பிபி லோ, டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது, ஃபுளூயிட் போகிறது, நில் பை மவுத், டோன்ட் வொர்ரி. பிறகு மௌனம். சேச்சி போர்வைக்குள் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான்கு நிமிடம் இருபது நொடி மீதி இருக்கிறது, எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. நடந்த தேர்விலும் இப்படித்தான் ஆகியிருந்தது, அந்த மௌனத்தை நிரப்பத்தான் சென்டரில் மனப்பாடம் செய்த "ஐ அண்டர்ஸ்டாண்ட் ஹவ் யூ ஃபீல்" என்பதை மூன்று தடவை சொல்லியிருந்தேன். அவர் எப்படி உணர்கிறார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அப்புறம் எங்கே புரிந்துகொள்வது.

சேச்சி இரண்டு தடை போட்டார். "டோன்ட் வொர்ரி" சொல்லக்கூடாது. ஒரு கேள்வி கேட்டு அதற்குப் பதில் வரும்வரை எந்தத் தகவலும் சொல்லக்கூடாது. சரி என்று, வணக்கம் சொல்லி என் பெயரைச் சொல்லி, முகம் வாடியிருக்கிறதே, எது உங்களை உறுத்துகிறது என்று கேட்டேன். சேச்சி கொஞ்சம் தயங்கி, தன் அண்ணன் டயாலிசிஸ் செய்துகொண்டே இறந்துபோனார் என்றார், தனக்கும் கிட்னி போய்விட்டதா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளும் அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் அவர் இதை எழுதி வைத்திருந்திருக்கிறார், நான் கேட்காததால் அவர் சொல்லவில்லை. நிஜத் தேர்விலும் எதிரில் இருப்பவர் கார்டில் இந்த மாதிரி ஒரு பயமோ தயக்கமோ இருக்கும், கேட்டால் வரும், கேட்காவிட்டால் ஐந்து நிமிடமும் எட்டிக்கூடப் பார்க்காது.

அது வந்தபிறகு பேச விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. அண்ணனைப் பற்றி ஒரு வாக்கியம் நின்று பேச வேண்டும். பிறகு அவருக்குப் புரிகிற சொல்லில்: பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் தண்ணீர் குறையலாம், அப்போது கிட்னி இருப்பதைச் சேமித்து வைக்கும், அதனால் குறைவாக வருகிறது, அதனால்தான் கையில் இருக்கும் ஊசி வழியாக நீர் ஏற்றுகிறோம். இங்கே நிறுத்திவிட்டு, நான் சொன்னது புரியும்படி இருந்ததா, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். கிட்னி நன்றாக இருக்கிறது என்று உறுதி கொடுக்கக்கூடாது, நமக்குத் தெரியாது, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் டாக்டர் வந்து சொல்வார் என்பதுதான் உண்மை. இந்த நேர்மை ஆங்கிலத்திலும் எளிது, பொய்யான ஆறுதலுக்குத்தான் மனப்பாட வாக்கியம் வேண்டும்.

சொற்களை மாற்றுவதற்குத் தனியாக ஒரு வாரம் போனது. அவுட்புட் என்பதை எவ்வளவு சிறுநீர் போகிறீர்கள் என்றும், கதீட்டரைச் சிறுநீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாய் என்றும், என்பிஓவைக் குடல் ஓய்வெடுக்கும்வரை வாயால் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிப் பழகினேன். வென்ஃப்ளான் என்று நாம் இங்கே சொல்வது ஒரு பிராண்ட் பெயர், கேனுலா என்றாலும் நோயாளிக்குப் புரியாது, கையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய் என்றால் எந்த ஊரிலும் புரியும். "லூஸ் மோஷன்", "மோஷன் பாஸ்" இரண்டையும் மறந்துவிடுங்கள், அங்கே ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை.

ஓவர் பழகியதன் பலன் நான் எதிர்பார்க்காத இடத்திலும் கிடைத்தது. லிசனிங்கில் பி பகுதி என்று ஆறு சின்ன ஆடியோ, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குப் பக்கம், வார்டு ஓவர், டீம் மீட்டிங், நோயாளியிடம் பேசுவது என்று வரும், ஒன்றுக்கு ஒரு கேள்வி, மூன்று விடை. முதல் முறை எண்களையும் மருந்துப் பெயரையும் துரத்திக்கொண்டு போய் விட்டுவிட்டேன். சொல்லப்பட்ட எல்லாமே விடைகளில் இருக்கும், கேட்பதோ அவர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார், என்ன செய்யச் சொல்கிறார் என்பதைத்தான். நானே தினமும் ஓவர் கொடுத்துப் பழகிய பிறகு, பேச்சு எங்கே பின்னணியில் இருந்து கணிப்புக்குத் திரும்புகிறது என்பது காதில் விழ ஆரம்பித்தது. கடிதமும் அப்படியே. 180 முதல் 200 சொல், நாற்பது நிமிடம், அதற்கு முன் குறிப்புகளைப் படிக்க ஐந்து நிமிடம். படிக்கிறவர் யார், அவருக்கு இதில் எது வேண்டும் என்பதுதான் அங்கேயும் முதல் கேள்வி. குடல் ஆபரேஷன் ஆனவரை வீட்டுக்கு அனுப்பும்போது கம்யூனிட்டி நர்ஸுக்குக் காயத்தையும் தையலையும் எழுத வேண்டும், ஐந்து வருடம் முன்னால் கண்புரை எடுத்ததை எழுதவே வேண்டாம். நான் முதல் முறை அதை எழுதினவள்.

ஆனால் ஓவரை மட்டும் பழகிவிட்டு ஸ்பீக்கிங்குக்குப் போகாதீர்கள், என்னை மாதிரி மாட்டிக்கொள்வீர்கள். தினமும் ஓவர் ஒன்று, நோயாளி ஒன்று, இந்த ஜோடியைப் பிரிக்கக்கூடாது. நைட் டூட்டி வாரத்தில் நாங்கள் இரண்டு நாள் விட்டோம், மூன்றாவது நாள் சேச்சி போர்வைக்குள் போவதற்குள் நான் "யுவர் யூரின் அவுட்புட்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாவது முறை தேர்வில் எனக்கு வந்த கார்டுகளைப் பற்றிச் சொல்லக்கூடாது, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மூன்று நிமிடத்தில் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன். கார்டில் இருந்த ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதிக்கொண்டேன், மேலே முதல் கேள்வியை எழுதினேன், டாக்டர் சொல் இரண்டு இருந்தது, அதை அடித்துவிட்டு மேலே சாதாரணச் சொல் எழுதினேன். பேசும்போது கார்டைப் பார்க்கலாம், தாராளமாகப் பார்த்தேன். இரண்டாவது கார்டில் கடைசி வேலையை ஆரம்பிக்கும்போது நேரம் முடிந்துவிட்டது, அதற்காக ஓடவில்லை. எல்லா நான்கையும் மறுபடி எழுதியதில் ஸ்பீக்கிங் 370, ரைட்டிங் மட்டும் பத்து குறைந்து 310.

சேச்சி இப்போது லீட்ஸில் இருக்கிறார். எனக்குப் பேப்பர் வேலை நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் மதுரை வார்டுதான். போன வாரம் ஓவர் கொடுக்கும்போது பழக்க தோஷத்தில் "டிரெயின் ஃபிஃப்டி, ஃபைவ் ஸீரோ" என்று சொன்னேன், புதிதாக வந்த பெண் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, எழுதி வைத்திருந்த பதினைந்தை அடித்து ஐம்பது என்று மாற்றினாள்.